தள்ளுவண்டிக்கு எது சரி: நிலையான இடமா, நடமாடும் சான்றா, தனியார் வாசலா?

ஒரு நடுத்தர நகராட்சி. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாலை 5 மணியிலிருந்து 10 மணி வரை பணியாரம் சுட்டு விற்கும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். வசூல் குத்தகைக்காரருக்குத் தினமும் கடை போடும் இடத்துக்கான அடிக்காசு கொடுக்கிறார், ரசீதும் வாங்குகிறார். கையில் ரசீது இருப்பதால் அது உரிமம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அது உரிமம் இல்லை. ஆனால் அதைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. அந்த இடத்தில் எத்தனை நாளாக வியாபாரம் செய்கிறார் என்று காட்ட ரசீதுகள் உதவும்.

உரிமம் என்பது 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி கிடைக்கும் விற்பனைச் சான்றிதழ். நகராட்சி ஆணையரைத் தலைவராகக் கொண்ட நகர விற்பனைக் குழு, ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடத்தி, அதில் பதிவானவர்களுக்குச் சான்று தரவேண்டும். குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை ஏற்கெனவே இருப்பவரை அப்புறப்படுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. நம் அக்கா கணக்கெடுப்பின்போது ஊரில் இல்லை என்றால்? இடையிலும் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். விற்பனைக்கென்று ஒதுக்கிய மண்டலத்தில் இடம் இருந்தால் கிடைக்கும்.

விண்ணப்பிக்கும்போதுதான் முதல் முடிவு வருகிறது: ஒரே இடத்தில் நிற்பவரா, நடமாடுபவரா?

நிலையான இடத்துக்கான சான்று என்றால் விற்பனை மண்டலத்தில் உங்களுக்கென்று ஓர் இடம். பணியாரம், இட்லி, பஜ்ஜி போல வாடிக்கையாளர் தேடி வந்து சாப்பிடும் கடைக்கு இதுதான் ஆசை. சிக்கல், அந்த இடத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மண்டலம் தாங்குவதைவிட ஆட்கள் அதிகமானால் குலுக்கல் நடக்கும். குலுக்கலில் பெயர் வராதவர்களுக்குப் பக்கத்து மண்டலம். சென்னை தி.நகரில் பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை 2013-இல் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். மேலே ஏறி வந்து வாங்க ஆள் இல்லை என்பதுதான் அங்கே போனவர்களின் புலம்பல். கூரையும் மின்விளக்கும் இருந்தும், நடந்து போகிறவரின் கண்ணில் படாத கடையில் வியாபாரம் எப்படி ஆகும்? அதனால் ஒதுக்கும் இடத்தில், உங்கள் வியாபார நேரத்திலேயே போய் நின்று பாருங்கள். காலை 11 மணிக்கு ஜேஜே என்றிருக்கும் வீதி இரவு 8 மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கலாம்.

நடமாடும் சான்று அனுமதித்த பகுதிக்குள் சுற்ற விடுகிறது. காய்கறி, பூ, ஐஸ் விற்பவருக்கு இதுவே போதும், என் கணக்கில் இதுவே மேல்: ஒரு தெரு ஓய்ந்தால் அடுத்த தெரு. ஆனால் இந்தச் சான்றை வைத்துக்கொண்டு ஒரே முனையில் ஐந்து மணி நேரம் அடுப்பு மூட்டினால், அது நிபந்தனையை மீறுவதுதான். சான்றை ரத்து செய்யக் காரணமும் ஆகலாம். பணியாரக் கல்லும் எரிவாயு உருளையும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தள்ளுவதும் நடக்கிற காரியமில்லை.

மூன்றாவது, தனியார் வாசல். மூடிய கடையின் முன்பகுதியையோ பெட்ரோல் பங்க் ஓரத்தையோ வாடகைக்குப் பிடிப்பது. குலுக்கல் இல்லை, காத்திருப்பு இல்லை. ஆனால் வண்டியின் பாதி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தால் இடத்துச் சொந்தக்காரரின் சம்மதம் அந்தப் பாதிக்குச் செல்லாது. கைப்படத் தேதி போட்ட வாடகை எழுத்து இல்லாவிட்டால் நாளைக்கே வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். கூடவே ஒன்று: ரயில் நிலைய வாசல் ரயில்வேக்குச் சொந்தமான நிலம் என்றால் 2014 சட்டம் அங்கே பொருந்தவே பொருந்தாது. நகராட்சிச் சான்றைக் காட்டினாலும் பயனில்லை.

பணியார அக்காவுக்கு என் யோசனை: நிலையான இடத்துக்கு விண்ணப்பிக்கட்டும், மாலை நேரத்துக்கு மட்டும் போதும் என்று எழுதியே கேட்கட்டும். ஒரே இடத்தைக் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று நேரம் பிரித்துத் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. காலையில் காய்கறிக்காரர் நிற்கும் இடத்திலேயே அவருக்கும் இடம் கிடைக்கலாம். சான்று கிடைத்தபின் வண்டியை வேறொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது, குடும்பத்தார் நிற்கலாம். வேறு பிழைப்பு இல்லை என்றும் உறுதிமொழி கேட்பார்கள்.

அதற்குள் நகராட்சி ஆட்கள் வந்து வண்டியைப் பறிமுதல் செய்து கொண்டுபோனால்? எடுத்த பொருள்களின் பட்டியலைக் கையெழுத்தோடு கேட்டு வாங்க வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். சான்று உள்ளவரை இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. வாயால் சொல்லிவிட்டுப் போனால் அது அறிவிப்பு ஆகாது, எழுத்தில் தரச் சொல்லுங்கள்.