கிலோமீட்டருக்கு 4:50-ஆ, 5:10-ஆ? லாக்டேட் எல்லையின் இரு பக்கமும்

ஒரே ஓட்டக்காரர், ஒரே சமதளப் பாதை, ஒரே காலணி. ஒரு நாள் கிலோமீட்டருக்கு 4:50 என்ற பேஸில் ஓடுகிறார். சுமார் அரை மணி நேரத்தில் கால்கள் மறுத்துவிடுகின்றன. இன்னொரு நாள் 5:10-இல் ஓடுகிறார். ஒரு மணி நேரம் கடந்தும் ஓட்டம் குலையவில்லை. இரண்டு பேஸுக்கும் இடையே இருப்பது 20 விநாடி, ஏழு சதவீதம்கூட இல்லை. ஆனால் தாங்கும் நேரம் இரு மடங்குக்கும் மேல் மாறுகிறது. காரணம், இந்த இரண்டுக்கும் நடுவே, அவருடைய 5:00 பேஸில், ஒரு கோடு ஓடுகிறது. ஓட்டக்காரர்கள் த்ரெஷோல்டு என்று சொல்லும் லாக்டேட் எல்லை அதுதான்.

(ஆய்வகங்களில் இரண்டு எல்லைகள் பேசப்படும். ரத்த லாக்டேட் ஓய்வுநிலையிலிருந்து முதன்முதலாக உயரத் தொடங்குவது முதல் எல்லை. அது நிதான ஓட்டத்துக்கு உரியது. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி: லாக்டேட் உண்டாகும் வேகத்துக்கு, அது எரிக்கப்படும் வேகம் ஈடுகொடுக்க முடியாமல் போகிற இடம்.)

கோடு எங்கே இருக்கிறது

ஆய்வகம் இல்லாமலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு நாள் 1200 மீட்டர், இரண்டு மூன்று நாள் கழித்து 3600 மீட்டர். இரண்டையும் 400 மீட்டர் டிராக்கில், முழு முயற்சியோடு, சீரான வேகத்தில் ஓட வேண்டும். நம் ஓட்டக்காரருக்கு 1200 மீட்டர் 5:00 நிமிடம், 3600 மீட்டர் 17:00 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தூர வித்தியாசத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் எல்லை வேகம்:

```
(3600 − 1200) ÷ (1020 − 300) = 2400 ÷ 720 = 3.333 m/s  →  5:00 /km
1200 − (3.333 × 300) ≈ 200 m
```

இரண்டாவது வரியில் வரும் 200 மீட்டர் முக்கியமானது. எல்லைக்கு மேல் ஓடும்போது மட்டும் செலவாகும் கையிருப்பு அது. எல்லை வேகம் மாதச் சம்பளம் என்றால் இந்த 200 மீட்டர் வங்கியில் இருக்கும் சேமிப்பு. சம்பளத்துக்குள் வாழ்கிறவரை சேமிப்பில் கை வைக்க வேண்டியதில்லை. அதைத் தாண்டினால், எவ்வளவு தாண்டுகிறோமோ அவ்வளவு வேகமாகக் கரையும்.

4:50 என்பது விநாடிக்கு 3.448 மீட்டர், எல்லையைவிட 0.115 மீட்டர் கூடுதல். 200-ஐ 0.115-ஆல் வகுத்தால் சுமார் 1740 விநாடி, அதாவது 29 நிமிடம். 4:40-இல் ஓடினால் 14 நிமிடம். 4:30-இல் 9 நிமிடம்.

சோதனை ஓட்டம் பிசகினால் கணக்கும் பிசகும். 1200 மீட்டரில் அடக்கி ஓடி 5:10-இல் முடித்தால் எல்லை 4:56 என்று வரும். உண்மையைவிட வேகமான எண்ணை நம்பிப் பயிற்சி செய்வீர்கள். 3600 மீட்டரில் முதல் சுற்றுகளில் பாய்ந்து, கடைசியில் திணறி 17:20-இல் முடித்தால் 5:08 என்று வரும். இரண்டில் முதல் பிழைதான் ஆபத்தானது. எல்லைக்குக் கீழே என்று நினைத்துக்கொண்டு மேலே ஓட வைக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

லாக்டேட் கழிவு அல்ல. தசை குளுக்கோஸை உடைக்கும்போது பைருவேட் உருவாகிறது; அதில் ஒரு பகுதி லாக்டேட்டாக மாறுகிறது. அந்த லாக்டேட்டை இதயமும், மெதுவாக இயங்கும் தசை நார்களும் எரிபொருளாகவே எரிக்கின்றன. கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது. இந்தப் போக்குவரத்தை 1980-களில் விளக்கி, லாக்டேட்டின் பேரில் இருந்த பழியைத் துடைத்தவர் அமெரிக்க உடலியங்கியலாளர் ஜார்ஜ் புரூக்ஸ். ஓடிய இரண்டு நாள் கழித்து வரும் தொடை வலியை இன்னும் சிலர் லாக்டிக் அமிலத்தின் தலையில் கட்டுகிறார்கள். ஓட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் ரத்த லாக்டேட் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த வலி தசை நார்களில் ஏற்படும் நுண்சேதத்தால் வருவது.

5:10-இல் ஓடும்போதும் லாக்டேட் நிறையவே உற்பத்தியாகிறது. ஆனால் உண்டாகும் அளவும் எரிக்கப்படும் அளவும் சமமாகிவிடுகின்றன. ரத்தத்தில் அது ஓய்வுநிலையின் லிட்டருக்கு 1 மில்லிமோல் என்பதிலிருந்து 3, 4 வரை ஏறி அங்கேயே நிற்கிறது. ஆக்சிஜன் பயன்பாடும் ஒரு மட்டத்தில் நிலைக்கிறது.

4:50-இல் அந்தச் சமநிலை வருவதே இல்லை. தேவைப்படும் விசைக்காக, சீக்கிரம் களைக்கிற வேக நார்கள் கூடுதலாக வேலைக்கு அழைக்கப்படுகின்றன. அவை அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் கேட்கின்றன. அதனால் வேகம் மாறாமலேயே ஆக்சிஜன் பயன்பாடு நிமிடத்துக்கு நிமிடம் உயர்ந்து, உச்ச அளவை நோக்கிப் போகிறது. தசைக்குள் பாஸ்பேட்டும் ஹைட்ரஜன் அயனிகளும் சேர்ந்து, சுருங்கும் வலிமையைக் குறைக்கின்றன. களைப்பை உண்டாக்குவது இவை; ரத்தத்தில் அளக்கும் லாக்டேட், உள்ளே நடக்கும் குவிப்பைக் காட்டும் அடையாளம் மட்டுமே.

எரிபொருள் கணக்கும் எதிராகத் திரும்புகிறது. ஒரு குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியாவில் முழுதாக எரித்தால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி சுமார் 30 கிடைக்கும். லாக்டேட்டோடு நிறுத்திக்கொண்டால் 2 மட்டுமே. எல்லைக்கு மேல் கூடுதல் ஆற்றலில் ஒரு பங்கு இந்த நஷ்ட வழியில் வருவதால், தசையில் சேமித்து வைத்த குளுக்கோஸான கிளைகோஜன் மளமளவென்று தீர்கிறது.

5:10 மட்டும் எப்போதும் தாங்குமா என்றால், தாங்காது. கணக்குச் சூத்திரம் எல்லைக்குக் கீழே வரம்பே இல்லை என்று சொல்லும். உடம்பு அப்படிச் சொல்லாது. கிளைகோஜன் தீர்வது, உடல் சூடாவது, தசை அடிபடுவது ஆகியவை அங்கே வரம்பு வைக்கின்றன. ஆனால் அவை மெல்ல வருகிறவை.

வெளியே எப்படித் தெரியும்

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முதல் பத்து நிமிடம் இரண்டு பேஸும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 4:50 கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தோன்றும், அவ்வளவுதான். வித்தியாசம் பத்தாவது நிமிடத்துக்குப் பிறகே தெரியத் தொடங்கும்.

5:10-இல் நான்கைந்து சொற்கள் கொண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியும்; நாற்பதாவது நிமிடத்திலும் முடியும். 4:50-இல் இருபதாவது நிமிடத்தில் 'ம்', 'சரி' தவிர வேறு வராது. இதயத்துடிப்பு 5:10-இல் பத்தாவது நிமிடம் 168 என்றால் நாற்பதாவது நிமிடம் 172 போல இருக்கும். 4:50-இல் 173-இல் தொடங்கி 186 வரை ஏறிக்கொண்டே போகும். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். நிற்கிறதா, ஏறுகிறதா என்பதே கேள்வி.

விரல்நுனி ரத்தத்தில் லாக்டேட் அளக்கும் கைமீட்டர் உள்ளவர்கள், ஒரே பேஸில் 10-ஆவது நிமிடமும் 30-ஆவது நிமிடமும் அளக்கலாம். இடையே 1 மில்லிமோலுக்கு மேல் ஏறியிருந்தால் அந்தப் பேஸ் எல்லைக்கு மேலே. 4 மில்லிமோல்தான் எல்லை என்று பழைய பாடநூல்களில் இருக்கும். அது ஒரு சராசரி. சிலருக்கு 3-க்கும் கீழே, சிலருக்கு 6-க்கும் மேலே. இன்னொன்று: வியர்வையிலும் லாக்டேட் உண்டு. விரலைக் கழுவித் துடைத்து, முதல் துளியை விட்டுவிட்டு இரண்டாவது துளியை எடுக்காவிட்டால் மீட்டர் பொய்யாக எகிறும்.

எந்தத் தூரத்துக்கு எது

5 கிலோமீட்டர் பந்தயம் என்றால் 5:10 வீண். நம் ஓட்டக்காரரின் கையிருப்பு 200 மீட்டரையும் செலவழித்தால் 4:48 பேஸில் 24:00-இல் முடிக்கலாம். 5:10-இல் ஓடினால் 25:50. சேமிப்பைச் செலவழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது?

10 கிலோமீட்டரில் கதை மாறுகிறது. அங்கே 4:50-இல் தொடங்கினால் சரியாக 6-ஆவது கிலோமீட்டரில், 29:00-இல், கையிருப்பு தீர்கிறது. அதற்குப் பிறகு 5:00-இல் தொடர முடியும் என்பது தாளில் மட்டுமே. நடைமுறையில் 5:40 வரை சரிவது சாதாரணம். மீதி 4 கிலோமீட்டருக்கு 22:40 சேர்த்தால் மொத்தம் 51:40. ஆரம்பம் முதலே 5:10-இல் அலட்டிக்கொள்ளாமல் ஓடியிருந்தாலும் அதே 51:40! இரண்டுக்கும் நடுவே 4:54-இல் சீராக ஓடியிருந்தால் கையிருப்பு கடைசிக் கோட்டில் தீர்ந்து 49:00 கிடைத்திருக்கும்.

அரை மாரத்தானில் 4:50 பேச்சுக்கே இடமில்லை. இந்த வேகத்துக்காரருக்கு அது இரண்டு மணி நேரத்தை நெருங்கும் ஓட்டம். 5:10-கூட அதிக வேகம், 5:20-ஐவிட மெதுவாக ஓடுவது நல்லது.

பயிற்சியில்

10 நிமிடம் மூன்று முறை, இடையே 2 நிமிடம் மெது ஓட்டம். பிரபலமான த்ரெஷோல்டு பயிற்சி. இதை 4:50-இல் செய்தால் ஒவ்வொரு முறையும் 69 மீட்டர் கையிருப்பு போகிறது, மூன்றுக்கும் 207. இடைவேளையில் கொஞ்சம் மீளும் என்றாலும், அது பயிற்சி என்ற பெயரில் நடக்கும் ஒரு பந்தயம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கால் கனக்கும். 5:10-இல் செய்தால் கையிருப்பில் ஒரு மீட்டர்கூடப் போவதில்லை. அதே வாரத்தில் மீண்டும் செய்யலாம். சில வாரங்களில் 10 நிமிடத்தை 15 ஆக்கலாம்.

நார்வே ஓட்ட வீரர்களான இங்கப்ரிக்ட்சன் சகோதரர்கள் ஒரே நாளில் காலையும் மாலையும் த்ரெஷோல்டு பயிற்சி செய்ய முடிந்தது இதனால்தான். இடையிடையே லாக்டேட்டை அளந்து, எல்லையைத் தாண்டாதபடி வேகத்தைப் பிடித்து வைத்தார்கள். நம்மில் பெரும்பாலோர் செய்வது நேர் எதிர். கையில் கடிகாரம், பக்கத்தில் நண்பர்; பத்து விநாடி வேகமாகப் போய்விடுகிறோம்.

சரியாக 5:00-இல் ஓடினால் என்ன என்று கேட்கலாம். டிராக் சோதனை தரும் எல்லை வேகம், லாக்டேட் நிலையாக நிற்கும் உச்ச வேகத்தைவிடப் பொதுவாகச் சற்றுக் கூடுதலாகவே வரும். கடிகாரத்தின் ஜிபிஎஸ் இரண்டு மூன்று விநாடி தப்புவதும் உண்டு. அந்த 10 விநாடி இடைவெளி இவற்றுக்காக விட்டு வைப்பது.

கோடும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சென்னையின் மே மாதக் காலையில், ஈரம் நிறைந்த காற்றில், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போயாக வேண்டும். தசைக்குக் கிடைப்பது குறைகிறது. ஜனவரியில் எல்லைக்குக் கீழே இருந்த அதே 5:10, அன்று மேலே ஏறிவிடக்கூடும். ஏற்றத்திலும், தூக்கம் கெட்ட மறுநாளிலும் அப்படித்தான். அன்றைக்குக் கடிகாரத்தின் பேஸை மறைத்துவிட்டு, பதினைந்தாவது நிமிடத்தில் ஐந்து சொல் வாக்கியம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது சொல்லில் மூச்சு அறுந்தால், 5:20-க்கோ 5:30-க்கோ இறக்குங்கள்.