பல் பிடுங்கி மூன்றாம் நாள் விண்விண்: மாத்திரையா, கிராம்பு எண்ணெயா, மறுபடி பல் டாக்டரா?

வியாசர்பாடியிலிருந்து வரும் ஆட்டோக்காரர் ஒருவருக்கு வியாழக்கிழமை சாயங்காலம் கீழ்த்தாடையில் வலது கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினேன். பாதி சொத்தையாகி உடைந்த பல், வேர் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது, முக்கால் மணி நேரம் ஆனது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் வலி, சனிக்கிழமை காலையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, சவாரிக்கே போய்விட்டார். ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு அவர் மனைவி போன் செய்தார். "மேடம், காது வரைக்கும் விண்ணு விண்ணுனு தெறிக்குதாம், தலைய சுவத்துல முட்டிக்கிறாரு, வாய்ல வேற ஒரு நாத்தம்."

இதைக் கேட்டதுமே பாதி முடிவாகிவிடும். வழக்கமான வலி முதல் இரண்டு நாள் உச்சத்தில் இருந்து பிறகு இறங்கிக்கொண்டே போகும். இது இறங்கிவிட்டு மறுபடி ஏறுகிறது, அதுவும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில், கூடவே காதுக்கும் பொட்டுக்கும் ஓடுகிற தெறிப்பு, வாயில் கெட்ட வாடை. இதைத்தான் டிரை சாக்கெட் என்கிறோம். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி போல நிற்க வேண்டும். அது கரைந்தோ கழன்றோ போய்விட்டால் கீழே இருக்கும் எலும்பு மூடாமல் கிடக்கிறது, காற்றும் எச்சிலும் சோற்றுப்பருக்கையும் நேராக அதன் மேல் படுகின்றன. சிகரெட், சிரமப்பட்டுப் பிடுங்கிய பல், கீழ்த்தாடை, கருத்தடை மாத்திரை, இவையெல்லாம் இதற்கான வாய்ப்பைக் கூட்டும். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினதுதான் காரணம் என்று வீட்டில் பழி போடுவார்கள், உறிஞ்ச வேண்டாம் என்று நானும் சொல்லித்தான் அனுப்புகிறேன், ஆனால் பல நேரம் அந்த உறைவு உள்ளிருந்தே கரைந்துபோகிறது, நோயாளி எந்தத் தப்பும் செய்யாமலேயே வரும். இவர் விஷயத்தில் வெள்ளிக்கிழமையே இரண்டு சிகரெட் பிடித்திருந்தார், அது வேறு கதை.

சரி, ஞாயிறு ராத்திரி கையில் என்னென்ன வழி இருக்கிறது? அவர்கள் எனக்குப் போன் செய்வதற்குள் இரண்டைச் செய்து பார்த்துவிட்டார்கள்.

முதலில் மெடிக்கல்ஸ். வலி என்று சொன்னதும் ஒரு சின்ன கவரில் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் கலந்து மூன்று நாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், கூடவே அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் ஒன்றாகச் சேர்ந்த வலி மாத்திரை. இந்தக் கவரில் இருப்பவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒன்று உதவும், இன்னொன்று பெரும்பாலும் வீண். டிரை சாக்கெட் என்பது எலும்பு திறந்து கிடப்பதால் வரும் அழற்சி, பரவுகிற சீழ் நோய் இல்லை. காய்ச்சல் இல்லை, கன்னம் வீங்கவில்லை, சீழ் இல்லை என்றால் ஆன்டிபயாட்டிக் அந்த வலியைத் தணிக்காது. வயிற்றுப்போக்கும் நாக்கில் உலோகச் சுவையும்தான் மிச்சம், மெட்ரோனிடசோல் போட்டுக்கொண்டு ராத்திரி ஒரு குவார்ட்டர் அடித்தால் வாந்தியும் வரும் (இதைச் சொல்லாமல் விட்டால் சென்னையில் வேலைக்கு ஆகாது). ஆனால் காய்ச்சல், வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம் என்று ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம்.

வலி மாத்திரை உண்மையாகவே உதவும், ஆனால் முழுசாக அல்ல. என் கணக்கில் ராத்திரியைத் தள்ளுவதற்கு நல்லது ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதோடு பாராசிட்டமால் 650, நாளுக்கு நாலுக்கு மேல் வேண்டாம். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துப் போடலாம். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, கர்ப்பம் என்று இருந்தால் ஐபுப்ரோஃபென் தொடக்கூடாது, பாராசிட்டமால் மட்டும். இங்கே நடக்கிற தப்பு எதுவென்றால், கடைக்காரர் கொடுத்த கலவை மாத்திரையில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் மேலே இன்னொரு பாராசிட்டமால், அப்புறம் வீட்டில் கிடந்த ஐபுப்ரோஃபெனும். அசிக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் ஒரே ஜாதி, இரண்டும் சேர்ந்தால் வலி இரட்டிப்பாகக் குறையாது, வயிறுதான் இரட்டிப்பாக எரியும். நம் ஆட்டோக்காரர் இதைத்தான் செய்திருந்தார்.

இரண்டாவது, கிராம்பு எண்ணெய். நாட்டு மருந்துக் கடையில் சின்ன பாட்டில், பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வைத்திருக்கிறார்கள். இதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால், நாங்கள் கிளினிக்கில் குழிக்குள் வைக்கும் மருந்திலும் அதே யூஜினால்தான், அதனால் மரத்துப்போன மாதிரி இருந்திருக்கும். அவருக்குக்கூட முக்கால் மணி நேரம் நிம்மதி கிடைத்ததாம். சிக்கல் அளவிலும் இடத்திலும் இருக்கிறது. நீர்க்காத எண்ணெய் ஈறில் பட்டால் வெளுத்துப் புண்ணாகும், கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வைப்பவருக்கு எண்ணெய் எலும்பில் படுகிறதா ஈறில் படுகிறதா என்று தெரியாது. அதைவிட மோசம் பஞ்சு. பஞ்சு நூல்நூலாகப் பிரிந்து குழிக்குள் சிக்கிக்கொள்ளும், திங்கட்கிழமை அவர் வாயிலிருந்து நான் எடுத்ததில் பாதி அதுதான். ராத்திரி வேறு வழியே இல்லையென்றால், ஒரு சொட்டைத் தேங்காய் எண்ணெயில் கலந்து, கையில் இறுக்கிப் பிடித்த துணியில் நனைத்துக் குழியின் வாயில் ஒரு நிமிடம் தொட்டு எடுங்கள், உள்ளே விட்டுவிட வேண்டாம். காலை வரைக்குமான வேலைதான் இது.

மூன்றாவது வழி, பிடுங்கியவரிடமே திரும்பப் போவது. அவர் பூட்டிவிட்டுப் போயிருந்தால் வேறு எந்தப் பல் டாக்டரும் செய்வார், செலவு இடிக்கிறது என்றால் கோட்டை ரயில் நிலையம் எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியின் ஓபி இருக்கிறது, காலையிலேயே போங்கள், எக்ஸ்ரே எடுத்திருந்தால் கையோடு கொண்டு போங்கள். வலியை நிஜமாக அடக்குவது இந்த வழிதான், காரணம் எளிது. வலி வருவது ஒரு சுண்டைக்காய் அளவு திறந்த எலும்பிலிருந்து, அதை மூடினால் வலி நிற்கும். மாத்திரை வலியை மழுப்பும், எலும்பை மூடாது.

ஆனால் இங்கேயும் டாக்டருக்கு டாக்டர் செய்வது வேறுபடும், என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் கேட்க முடியும். சிலர் மரத்துப்போக ஊசி போட்டுக் குழியைச் சுரண்டி மறுபடி ரத்தம் வரவைப்பார்கள், புது உறைவு உண்டாகட்டும் என்று. படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். எனக்கு இதில் நம்பிக்கையில்லை, மிச்சமிருக்கும் ஆறுகிற திசுவையும் வழித்தெடுத்துவிடும், மருந்து இறங்கியதும் வலி முன்னைவிட அதிகமாகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். நான் செய்வது வெதுவெதுப்பான சலைனால் சிரிஞ்சில் மெதுவாகக் கழுவி, உணவுத் துணுக்கை எடுத்துவிட்டு, உள்ளே மருந்து வைப்பது.

அந்த மருந்திலும் இரண்டு உண்டு. ஒன்று ஜிங்க் ஆக்சைடும் யூஜினாலும் குழைத்து மெல்லிய நாடாத் துணியில் தடவிக் குழிக்குள் மடித்து வைப்பது. மலிவு, நன்றாகப் பிடிக்கும், ஆனால் தானாக வெளியே வராது, ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து மாற்றியே ஆக வேண்டும், மறந்துவிட்டால் அதுவே அந்நியப் பொருளாக உள்ளே கிடந்து ஆறவிடாது. இன்னொன்று ஆல்வோஜில் என்று கிடைக்கும் பழுப்பு நிற நார்ப்பசை, யூஜினாலோடு அயோடோஃபார்மும் மரத்துப்போகச் செய்யும் ஒரு மருந்தும் சேர்ந்தது. வைப்பது சுலபம், ஆறும்போது மெல்ல மெல்ல வெளியே தள்ளப்படும், விலை கூட. அயோடின் ஒவ்வாமை இருப்பவருக்கு வைக்கவே கூடாது, அதனால் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மறுபடி வர முடியுமா என்பது சந்தேகமாக இருக்கும் ஆளுக்குப் பசை, பக்கத்துத் தெருக்காரருக்கு நாடா, இதுதான் நான் வைத்திருக்கும் கணக்கு. இரண்டிலும் வாயில் ஆஸ்பத்திரி வாசனை நாலு நாளைக்கு இருக்கும். இரண்டுமே வலியைக் குறைக்கும், ஆனால் குழி நிறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், ஆகவே வலி போனதும் நிறுத்திவிட வேண்டும்.

திங்கள் காலை அவர் வந்தார். குழி வெறுமையாக, அடியில் சாம்பல் வெள்ளையாக எலும்பு தெரிந்தது, உலோகக் கருவியின் நுனி லேசாகப் பட்டதும் நாற்காலியிலிருந்து துள்ளினார். (வெள்ளையாக எதையாவது பார்த்ததும் டிரை சாக்கெட் என்று பயந்து வருபவர்களும் உண்டு. ஆறுகிற குழியின் மேல் வெளிர் மஞ்சள் படலம் வரும், தொட்டால் மெத்தென்று இருக்கும், வலிக்காது, அதைச் சுரண்டாதீர்கள்.) பஞ்சை எடுத்து, கழுவி, நாடா வைத்தேன். அண்ணன் தன் தாடையைக் கையால் பிடித்தபடியே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தவர் கையை எடுத்தார். ஆன்டிபயாட்டிக் கவரை நிறுத்தச் சொன்னேன், ஐபுப்ரோஃபெனை மட்டும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். புதன்கிழமை நாடாவை மாற்றினேன். வெள்ளிக்கிழமை வலி இல்லை என்றார், இருந்தாலும் "ஒரு தடவ இன்னும் வெச்சிடுங்க மேடம், பயமா இருக்கு" என்றார். வைக்கவில்லை. ஊசி இல்லாத, முனை வளைந்த பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் குழியைக் கழுவச் சொன்னேன், உள்ளே பருக்கை தங்குவது நிற்கும் வரை, அதற்கு மூன்று நாலு வாரம் ஆகலாம் என்றும். சிகரெட்டைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி ஆரம்பித்துவிட்டார்.