கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ஆர்ட்டிகெய்னா, லிக்னோகெய்னா?

பெரியவர்களுக்குக் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில் வெளிப்பக்க எலும்பு தடித்திருக்கும். பல்லை மரக்கச் செய்யும் லிக்னோகெய்னை இன்ஃபில்ட்ரேஷனாக, அதாவது பல்லருகே ஈறு மடிப்பில் ஊறவிடும் ஊசியாகப் போட்டால், மருந்து வேர்நுனி வரை சரியாக ஊறாது. அதனால்தான் தாடையின் உட்புறத்தில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில், அந்த நரம்பையே மரக்கச் செய்யும் பிளாக் ஊசி போடுகிறோம். இன்னொரு மரப்பு மருந்தான, அட்ரினலின் சேர்த்த 4 சதவீத ஆர்ட்டிகெய்ன் இந்த எலும்பை நன்றாகவே ஊடுருவும். முதல் கடைவாய்ப்பல்லில் இன்ஃபில்ட்ரேஷன் மட்டும் போட்டு ஒப்பிட்ட ஆய்வுகளில், 2 சதவீத லிக்னோகெய்னைவிட ஆர்ட்டிகெய்ன் தெளிவாக முந்தியிருக்கிறது.

தேக்காவில் உணவுக்கடை வைத்திருக்கும் ஒருவருக்குக் கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்லில் சொத்தை. குளிர் பட்டால் நொடிநேரக் கூச்சம், மற்றபடி வலியில்லை. அரை மணியில் அடைத்துவிடலாம். "டாக்டர், மத்தியானம் குழம்பு ருசி பார்க்கணும், நாக்கு மரத்துப்போயிடுமா?" என்று கேட்டார். பிளாக் போட்டால் பாதி நாக்கு சில மணி நேரம் மரத்தே கிடக்கும். இன்ஃபில்ட்ரேஷனில் உதடு மரக்கலாம், நாக்கு தப்பும். அவருக்கு நான் தேர்ந்தது ஆர்ட்டிகெய்ன்தான்: 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜ் ஒன்று, அதாவது 72 மி.கி. எடை 62 கிலோ. கிலோவுக்கு 7 மி.கி. என்ற உச்ச வரம்புப்படி 434 மி.கி. வரை இடமிருக்கிறது.

மருந்தை ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்து மெதுவாகச் செலுத்தி, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். உதடு மரத்ததை வைத்துப் பல் மரத்துவிட்டதாக முடிவு கட்டக் கூடாது. பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்துப் பல்லில் வைத்து, கூச்சம் தெரிகிறதா என்று கேட்டபின்தான் டிரில்லை எடுக்கலாம். நாக்குப்பக்க ஈறு இதில் மரக்காது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் டேம் கிளாம்ப் அங்கே கடித்ததும் நோயாளி துள்ளுவார், மருந்து வேலை செய்யவில்லை என்று நாம் தவறாக நினைப்போம். பற்களுக்கு இடையிலுள்ள ஈறு வழியாக உட்புறத்துக்குச் சில சொட்டு விட்டால் போதும்.

இன்ஃபில்ட்ரேஷன் பலம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குறையத் தொடங்கும். அதனால் வேலை நீளும் என்று தெரிந்தாலோ, எலும்பு இன்னும் தடித்த இரண்டாம் கடைவாய்ப்பல் என்றாலோ, நான் லிக்னோகெய்ன் பிளாக்குக்கே போவேன். பிளாக்கிலும் ஆர்ட்டிகெய்னையே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே அது லிக்னோகெய்னைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேல் என்று காட்டப்படவில்லை. 4 சதவீத மருந்துகளைப் பிளாக்காகப் போட்டபின் நாக்கு உணர்வு நெடுநாள் திரும்பாத சம்பவங்களும் பதிவாகியுள்ளன. காரணம் மருந்தா ஊசியா என்ற விவாதம் ஓயவில்லை. ஆதாயம் இல்லாத இடத்தில் அந்த அபாயத்தை நோயாளி தலையில் கட்ட எனக்கு மனமில்லை.

இரவெல்லாம் துடித்து, நரம்பு வீங்கிய பல்லோடு வருபவருக்கு இரண்டில் ஒன்று மட்டும் பல நேரம் போதாது. முதலில் லிக்னோகெய்ன் பிளாக், உதடு மரத்தபின் வெளிப்பக்கத்தில் ஆர்ட்டிகெய்ன் இன்ஃபில்ட்ரேஷன், மறுபடி குளிர்ச் சோதனை. அப்போதும் கூசினால் பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள இணைப்புத் திசுவில் ஊசி போடுவேன்.