முகாம் ஃபிரிட்ஜுக்கு ஏசி இணைப்பா, 12 வோல்ட் இணைப்பா?

என்னிடம் இருப்பது 500 வாட்-மணி பவர் ஸ்டேஷனும், கம்ப்ரசர் உள்ள சிறிய முகாம் ஃபிரிட்ஜும். ஃபிரிட்ஜை பவர் ஸ்டேஷனின் ஏசி பிளக்கிலும் செருகலாம், 12 வோல்ட் சாக்கெட்டிலும் செருகலாம். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பின் நான் 12 வோல்ட்டையே தேர்ந்தெடுத்தேன்.

ஓடும்போது 45 வாட் இழுக்கும் கம்ப்ரசர், உள்ளே குளிர்ந்துவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 20 நிமிடமே ஓடுகிறது. ஆகவே சராசரித் தேவை 15 வாட்தான். 500-ஐ 15-ஆல் வகுத்து 33 மணி நேரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த எண், இடையில் ஏற்படும் இழப்பு எதையும் கணக்கில் எடுக்கவில்லை.

ஏசி வழியில் மின்சாரம் இன்வெர்ட்டரில் ஒரு முறையும், ஃபிரிட்ஜின் அடாப்டரில் மறுமுறையும் மாற்றப்படுகிறது. ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று கொண்டால், 15 வாட் தேவை 18.5 வாட்டாக உயர்கிறது. இதைவிடப் பெரிய இழப்பு, கம்ப்ரசர் ஓய்ந்திருக்கும் 40 நிமிடங்களிலும் இன்வெர்ட்டர் தனக்காக உண்ணும் மின்சாரம். அதைத் திரையில் பார்க்க முடியாது. என் கருவியில் அப்போது வெளியீடு 0 வாட் என்றே காட்டியது. எனவே முழுதாகச் சார்ஜ் செய்து, எதையும் செருகாமல் ஏசி பொத்தானை மட்டும் அழுத்தி 10 மணி நேரம் விட்டுவைத்தேன். 100 விழுக்காடு 80 ஆகியிருந்தது. அதாவது 100 வாட்-மணி, மணிக்கு 10 வாட்-மணி வீதம் வீணாகியிருந்தது. இதையும் சேர்த்தால் மொத்தம் 28.5 வாட், 500 வாட்-மணி சுமார் பதினேழரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

12 வோல்ட் வழியில் ஒரே மாற்றம்தான். அதற்குப் பத்து விழுக்காடு இழப்பு வைத்தாலும் தேவை 16.7 வாட், ஓடும் நேரம் ஏறத்தாழ 30 மணி. பெரிய சுமைக்கு இந்த 10 வாட் பொருட்டே அல்ல. சராசரியாக 15 வாட் மட்டும் கேட்கும் ஃபிரிட்ஜுக்கு அது ஓடும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது. மின்சேமிப்பு முறையை இயக்கி இதைத் தவிர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். கம்ப்ரசர் ஓய்ந்ததும் சுமை இல்லை என்று கருதி அது ஏசியை அணைத்துவிடக்கூடும். பிறகு தானாக இயங்காமல் போனால், காலையில் ஃபிரிட்ஜ் வெதுவெதுப்பாக இருக்கும்.

12 வோல்ட்டில் கவனிக்க வேண்டியது ஒயர். அது நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால், கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, பவர் ஸ்டேஷனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் குறைந்த மின்னழுத்தப் பிழையைக் காட்டி நின்றுவிடும். குட்டையான, தடித்த ஒயரைப் பயன்படுத்தி, ஃபிரிட்ஜின் பேட்டரிப் பாதுகாப்பைக் கீழ்நிலையில் வைக்க வேண்டும்.

என் அளவீடுகள் மிதமான வெப்பமுள்ள இரண்டு இரவுகளில் எடுத்தவை. கடும் பகல் வெயிலில் கம்ப்ரசர் மணிக்கு அரைமணி நேரம் ஓடினால், 12 வோல்ட் வழியிலும் 20 மணி நேரமே கிடைக்கும்.