வீட்டுப்பாடப் பொய்: தண்டிப்பதா, கண்காணிப்பதா, கேள்வியையே நிறுத்துவதா?

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன் மூன்று வாரமாக "இன்னைக்கு ஹோம்வொர்க் இல்லம்மா" என்று சொன்னதை நான் அப்படியே நம்பியிருந்தேன். வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பி, அவன் எழுதாமல் விட்ட 11 வீட்டுப்பாடங்களின் பட்டியலைக் காட்டினார். அதன்பின் வந்த மாதங்களில் மூன்று வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக முயன்றோம். மூன்றாவதில்தான் இன்று நிற்கிறோம், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி தண்டனை. இரண்டு வாரம் டிவியும் கிடையாது, விளையாட்டும் கிடையாது. கோபத்தில் இருக்கும்போது இதைத் தவிர வேறெதுவும் தோன்றாது. முதல் நான்கு நாள் ஒழுங்காக எழுதினான். அடுத்த வாரம் ஒரு நாள் நோட்டைத் திறந்து காட்டினான், தேதி 17 என்று இருந்தது. பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். 7 பழைய பென்சில் எழுத்தாக மங்கியிருந்தது. அதற்கு முன்னால் இருந்த 1 மட்டும் புதிதாக, கருப்பாக, கொஞ்சம் நெருக்கியடித்து நின்றது. பத்து நாளுக்கு முந்தைய பாடத்தை அன்றையதாக ஆக்கியிருக்கிறான். முன்பு வாயால் மட்டும் சொன்ன பொய்க்கு இப்போது ஆதாரமும் தயாரிக்கத் தொடங்கிவிட்டான்.

இது என் பிள்ளையிடம் மட்டும் நடப்பதல்ல. விக்டோரியா டல்வார், காங் லீ என்ற இரு உளவியலாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்று அடித்துத் தண்டிக்கும் பள்ளி, இன்னொன்று கண்டிப்பதோடு நிறுத்தும் பள்ளி. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்துவிட்டு வெளியே போவார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலானவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தாயா என்று அவர்களிடம் கேட்டபோது, அடிக்கும் பள்ளியில் ஏறக்குறைய எல்லோருமே பொய் சொன்னார்கள், மற்றதில் பாதிக்குச் சற்று மேல். அடிக்கும் பள்ளிப் பிள்ளைகள் அடுத்தடுத்த கேள்விகளுக்கும் மாட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார்கள். அவர்கள் 3, 4 வயதுக் குழந்தைகள், என் மகனுக்குப் பத்து வயது. நாங்கள் அடிக்கவும் இல்லை. ஆகவே அப்படியே பொருத்திப் பார்க்க மாட்டேன். ஆனாலும் அந்த 17ஐப் பார்த்த பிறகு என்னால் அதை ஒதுக்கிவிட முடியவில்லை.

இரண்டாவது வழி கண்காணிப்பு. டீச்சர் டைரியில் தினமும் வீட்டுப்பாடத்தைக் குறித்து அனுப்புவார், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். இரண்டு வாரம் ஒரு பாடம்கூட விடுபடவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு நாள் எனக்கு வேலை முடிந்து வரத் தாமதமானது, அந்த இரண்டு நாளும் விடுபட்டன. நான் இருக்கும்வரை ஓடுகிற ஏற்பாடு அது, நான் இல்லாவிட்டால் நின்றுவிடும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் டீச்சராலும் ஒருவனுக்காக மாதக்கணக்கில் இதைச் செய்ய முடியாது.

ஆனால் அந்த டைரியால்தான் ஒன்று புரிந்தது. ஒரு சனிக்கிழமை அதையும் டீச்சர் முதலில் காட்டிய பட்டியலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பொய் சொன்ன ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அன்று என்ன பாடம் இருந்தது என்று எழுதினேன். முதலில் பிடிபட்ட 11இல் 9 கணக்கு. அந்த ஒன்பதும் வகுத்தல். தமிழையும் அறிவியலையும் பற்றி அவன் ஏறக்குறைய பொய்யே சொல்லவில்லை. தொடர்ந்து பொய் சொல்லும் பிள்ளையின் வீட்டில் வேறு எதைச் செய்வதற்கும் முன்னால் இந்தப் பட்டியலைப் போட்டுவிட வேண்டும். ஒரே பாடத்தில் குவிந்தால் அங்கே ஏதோ புரியவில்லை என்று சந்தேகிக்கலாம். எல்லாப் பாடத்திலும் பரவியிருந்தால் கவனச் சிதறல், வாசிப்புச் சிரமம், தூக்கக் குறைவு என்று வேறு பக்கம் தேட வேண்டும். அதற்குச் சிறப்புக் கல்வி ஆசிரியரையோ குழந்தைகள் மருத்துவரையோ பார்ப்பதுதான் சரி.

அன்று மாலை அவன் பக்கத்தில் உட்கார்ந்து 864ஐ 24ஆல் வகுக்கச் சொன்னேன். 86இல் 24 எத்தனை முறை போகும் என்ற இடத்திலேயே நின்றுவிட்டான். 4 போட்டான், 96 வந்தது, அழித்தான். 2 போட்டான், 48 வந்தது, மீதி 38. மீதி வகுக்கும் எண்ணைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று திரும்ப அழித்தான். 3 என்று வருவதற்குள் தாள் கிழிந்துவிட்டது. அடுத்து 144இலும் அதே பாடு. 36 என்ற விடைக்கு வர 18 நிமிடம். இப்படிப் பத்துக் கணக்கு என்றால் மூன்று மணி நேரம். "இல்லம்மா" என்று சொல்ல ஒரு நொடி போதும்.

எனக்கு முடிவைத் தந்தது இந்தக் கணக்குத்தான். உண்மை சொன்னால் அவனுக்கு மூன்று மணி நேரம், பொய் சொன்னால் எப்போதாவது ஒரு திட்டு. தண்டனை அந்தத் திட்டைப் பெரிதாக்கியது, ஆனால் மூன்று மணி நேரம் அப்படியே இருந்தது. கண்காணிப்பிலும் அது குறையவில்லை.

மூன்றாவது வழி இதுதான். "ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?" என்று கேட்பதை விட்டுவிட்டோம். விடை தெரிந்தே கேட்கும் கேள்வி பிள்ளையைப் பொய்க்குள் தள்ளுகிறது. அதற்குப் பதில், மாலை ஆறரைக்குப் பையில் உள்ள எல்லா நோட்டும் மேசைக்கு வரும், வீட்டுப்பாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கணக்குக்கு அரை மணி நேரம். நேரம் முடிந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடலாம். வராத கணக்கை அழிக்கக் கூடாது, வட்டம் போட வேண்டும். "இவ்வளவுதான் முடிந்தது" என்று நான் கீழே எழுதிக் கையெழுத்திடுவேன். டீச்சரிடம் முன்பே பேசி இதற்குச் சம்மதம் வாங்கியிருந்தேன், அது இல்லாமல் இந்த வழி ஒரு நாள்கூட நிற்காது. பக்கத்தில் ஒரு சிறு தாளில் 24, 48, 72, 96, 120, 144 என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். 86க்குள் அடங்குவது 72 என்று பார்த்தாலே தெரியும். 18 நிமிடம் ஒரு மாதத்தில் ஐந்தானது.

பொய்க்கு விளைவே இல்லையா என்று என் கணவர் கேட்டார். இருந்தது. தேதியை மாற்றியதை அவனே டீச்சரிடம் போய்ச் சொன்னான், விடுபட்ட கணக்குகளை நாளுக்கு இரண்டாக எழுதி முடித்தான். அதற்கு மேல் நாங்கள் எதையும் பறிக்கவில்லை.

நான்கு மாதமாகிறது. நான் வராத நாளிலும் நோட்டுகள் மேசைக்கு வந்துவிடுகின்றன, ஏனென்றால் அங்கே மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் டைரியை ஒருமுறை புரட்டுகிறேன். இது ஒரே ஒரு பிள்ளையின் அனுபவம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை இந்த மேசைக்கு வந்து உட்காருமா என்று என்னால் சொல்ல முடியாது. பணம், நண்பர்கள், போகுமிடம் என்று எல்லாவற்றிலும் பொய் வந்தால் அது வீட்டுப்பாடத்தோடு தீருகிற விஷயமல்ல.

போன வாரம் ஒரு நாள் "கணக்கு கிடையாதும்மா" என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு இருபத்தெட்டு. பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து வைத்துவிட்டு, "பின்னம் வந்துருக்கு, ரெண்டு வட்டம் போட வேண்டியிருக்கும்" என்றான்.