கொப்பி கொண்டுவராத மாணவனும் மூன்று வகுப்பறைகளும்

மலையகத்துப் பெற்றோர் ஆசிரியர்களைப் பற்றிப் பேசும்போது, ஒருவரைக் 'கண்டிப்பான சேர்' என்றும் இன்னொருவரைப் 'பிள்ளைகளோடு நல்ல டீச்சர்' என்றும் சொல்வதுண்டு. கண்டிப்பு கூடினால் அன்பு குறையும், அன்பு கூடினால் கண்டிப்பு தளரும் என்ற எண்ணம் இப்பேச்சுக்குள் இருக்கிறது. வகுப்பறைகளை ஆராய்ந்தவர்கள் இவ்விரண்டையும் தனித்தனி அளவுகளாகவே கொள்கின்றனர். ஓர் ஆசிரியர் இரண்டிலும் உயர்ந்திருக்கலாம், இரண்டிலும் தாழ்ந்தும் இருக்கலாம். இரண்டும் தாழ்ந்த வகுப்பறையை, அதாவது ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டு அமர்ந்துவிடும் வகுப்பறையை, இங்கு விட்டுவிடுகிறேன். மற்ற மூன்றையும் ஒரே நிகழ்வை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தரம் 9 கணித பாடவேளை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நகரத்துப் பாடசாலை, நாற்பது மாணவர். முதல் நாள் அடைப்புக்குறி நீக்கும் கணக்குகள் வீட்டுவேலையாகக் கொடுக்கப்பட்டன. தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவன் கொப்பியைக் கொண்டுவரவில்லை. கேட்டால், "மறந்துட்டேன் சேர்" என்கிறான். உண்மையில் அவன் −2(x − 3) என்பதை −2x − 6 என்று எழுதி, பக்கத்து லயத்துப் பையனின் விடை வேறாக இருப்பதைக் கண்டு, கொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

கண்டிப்பு மட்டும் உள்ள வகுப்பறையில் அவன் பாடவேளை முடியும்வரை நிற்க வேண்டியிருக்கும். 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்துவிட்டது. ஆயினும் பிரம்பு இல்லாமலே ஒரு பிள்ளையை நாற்பது பேர் முன் சிறுமைப்படுத்திவிட முடியும். அடுத்த நாள் அவன் கொப்பியோடு வருவான். ஆனால் காலை மணி அடிப்பதற்குமுன் நண்பனைப் பார்த்து எழுதியதாக இருக்கும். ஆசிரியர் சரியான விடையைக் காண்பார், அடையாளமிடுவார். கழித்தல் குறியுள்ள எண்ணை அடைப்புக்குறிக்குள் உள்ள ஒவ்வோர் உறுப்போடும் பெருக்க வேண்டும் என்பதும், எதிர் எண்ணை எதிர் எண்ணால் பெருக்கினால் நேர் எண் வரும் என்பதும் அவனுக்கு இன்னமும் விளங்கியிருக்காது. தவறு மறைக்கப்படுகிற இடத்தில் அது திருத்தப்பட வழியில்லை; இவ்வகுப்பறையின் பெரிய இழப்பு இதுவே.

இன்னொரு குறையும் உண்டு. லெவின், லிப்பிட், வைட் ஆகிய உளவியலாளர்கள் 1939இல் வெளியிட்ட ஆய்வில் பத்து வயதுச் சிறுவர் குழுக்களை மூன்று விதமான தலைமையின் கீழ் வைத்து அவதானித்தனர். கட்டளையிடும் தலைவரின் கீழிருந்த குழு, அவர் அறையைவிட்டு வெளியேறியதும் வேலையில் தளர்ந்தது. சிறுவரையும் சேர்த்துத் தீர்மானம் எடுத்த தலைவரின் குழு, அவர் இல்லாதபோதும் பெரும்பாலும் தொடர்ந்து வேலை செய்தது. அது பாடசாலையன்று, கைவேலைக் கழகம். எனினும் அதிபர் ஆசிரியரை அலுவலகத்துக்கு அழைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் வகுப்பு என்ன செய்கிறது என்பது, ஆசிரியர் முன்னிலையில் நிலவும் அமைதியைவிட நம்பகமான சான்று என்றே நான் கருதுகிறேன்.

அன்பு மட்டும் உள்ள வகுப்பறையில் ஆசிரியை, "பரவாயில்லை மகன், நாளைக்குக் கொண்டு வாங்க" என்கிறார். அவனுடைய அம்மா விடியற்காலையிலேயே கொழுந்தெடுக்கப் போகிறவர், வீட்டில் உதவ ஆளில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவு மதிக்கத்தக்கது. ஆனால் 'நாளைக்கு' என்பதை எவரும் கேட்டுச் சரிபார்ப்பதில்லை. இரண்டு வாரங்களில் கொப்பி கொண்டுவராதோர் தொகை பெருகும், வகுப்பில் சத்தம் கூடும். ஒரு நாள் அதே ஆசிரியை பொறுமையிழந்து உரக்கக் கத்துவார். நேற்று அனுமதிக்கப்பட்டது இன்று ஏன் குற்றமாயிற்று என்று மாணவருக்குப் புரியாது. கட்டமைப்பு இல்லாத அன்பு பெரும்பாலும் இவ்விதம் கடுமையில்தான் போய் முடிகிறது. இதைவிட நுட்பமான தீங்கும் உண்டு: இந்தப் பிள்ளையால் இவ்வளவுதான் முடியும் என்ற கணிப்பு அந்த இரக்கத்தில் ஒளிந்திருக்கிறது, பிள்ளை அதை விரைவிலேயே கண்டுகொள்கிறது.

மூன்றாவது வகுப்பறையில் விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்: வேலை முடிக்காதவர் இடைவேளையின் முதல் பத்து நிமிடத்தில் ஆசிரியர் மேசையருகே அமர்ந்து முதல் இரண்டு கணக்குகளைச் செய்ய வேண்டும். காரணமும் ஒருமுறை சொல்லப்பட்டிருக்கும். அம்மாணவனிடம் ஆசிரியர் வகுப்பின் நடுவே விசாரணை நடத்துவதில்லை. அருகே சென்று தாழ்ந்த குரலில், "இடைவேளையில் வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறார். இடைவேளையில் அவன் மீண்டும் −2x − 6 என்றே எழுதுகிறான். ஆசிரியர் விடையைச் சொல்லாமல், x இன் இடத்தில் 5ஐப் போட்டு இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்கிறார். ஒரு பக்கம் −4, மறுபக்கம் −16. இரண்டும் ஒன்றாக வரவில்லை என்பதை அவனே காண்கிறான். +6 என்று மாற்றியதும் −4 வருகிறது. விதி தளரவில்லை, மாணவனும் தலைகுனியவில்லை, மறைந்திருந்த தவறும் வெளியே வந்துவிட்டது.

இம்மூன்றாவது வகையை முன்னிரண்டுக்கும் நடுப்புள்ளி என்று நினைப்பது தவறு. பாதி கண்டிப்பும் பாதி கனிவும் காட்டும் ஆசிரியர், அன்றைய மனநிலைக்கேற்ப மாறுகிறவராகவே மாணவருக்குத் தோன்றுவார். ஜாங், ரீவ், டெசி ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க உயர்நிலை வகுப்பறைகளை நேரில் அவதானித்தனர். தெளிவான அறிவுறுத்தலும் வழிகாட்டலும் தரும் கட்டமைப்பும், மாணவரின் நோக்கையும் முயற்சியையும் மதிக்கும் அணுகுமுறையும் சேர்ந்தே போவதையும், இரண்டும் மாணவரின் ஈடுபாட்டை முன்னறிவிப்பதையும் அவர்கள் கண்டனர்.

எதை முதலில் நிறுவுவது என்பதில்தான் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. முதல் தவணையில் சிரிக்கவே கூடாது என்பது பழைய ஆசிரியர் சிலரின் அறிவுரை. இதற்கு எதிரான சான்று அலாஸ்காவிலிருந்து வருகிறது. தொலைதூரக் கிராமங்களிலிருந்து நகரப் பாடசாலைகளுக்கு வந்து வகுப்பில் வாய் திறவாதிருந்த ஆதிக்குடி மாணவரை ஜூடித் கிளைன்ஃபெல்ட் ஆராய்ந்து, 1975இல் முடிவுகளை வெளியிட்டார். அம்மாணவரிடம் வெற்றி கண்ட ஆசிரியர்கள் முதலில் தனிப்பட்ட நெருக்கத்தை உண்டாக்கி, அதன் பின்னரே தளராத எதிர்பார்ப்பை முன்வைத்தார்கள். தரம் 6இல் தோட்டப் பாடசாலையைவிட்டு ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வந்து, பின் வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இந்தச் சித்திரம் அந்நியமாகத் தோன்றாது. ஆனாலும் அது சிறிய அளவிலான ஆய்வு. வேறொரு சமூகத்தில் செய்யப்பட்டது.

என் தீர்ப்பு இரண்டையும் பிரித்து வைப்பதாகும். கொப்பி எங்கே வைப்பது, எப்போது பேசலாம், வேலை முடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பன போன்ற பொது ஒழுங்குகள் முதல் வாரத்திலேயே வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் அவற்றைத் தள்ளிப்போட முடியாது. கரும்பலகைக்கு வரச் சொல்வது, பலர் முன் விளக்கம் கேட்பது போன்ற தனிப்பட்ட வற்புறுத்தல்களோ அந்தப் பிள்ளையோடு சிறிதளவு பழக்கம் ஏற்பட்ட பிறகே பயன் தரும். ஆசிரியர் இடமாற்றம் அடிக்கடி நிகழும் பாடசாலைகளில் இந்த இரண்டாம் பகுதி ஒவ்வொரு முறையும் அறுந்துபோகிறது. எல்லா ஆசிரியரும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றினால் முதற் பகுதியாவது மிஞ்சும்.

இந்த அணுகுமுறை எட்டாத இடமும் உண்டு. 2011இல் ரோர்டாவும் சக ஆய்வாளரும் 99 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியர் மாணவர் உறவுக்கும் ஈடுபாட்டுக்கும் இடையிலான தொடர்பு, அவ்வுறவுக்கும் பெறுபேறுகளுக்கும் இடையிலான தொடர்பைவிட வலுவாக இருந்தது. வாய்ப்பாடும் எதிர் எண்களும் ஆரம்ப வகுப்பிலேயே விடுபட்டுப்போன பிள்ளை, மூன்றாவது வகுப்பறையில் கேள்வி கேட்கத் தொடங்குவான். சாதாரண தரக் கணிதத்தில் சித்தியடைய அவனுக்கு அந்த அடிப்படைகளை மறுபடியும் கற்பிக்கும் தனி நேரம் வேண்டும்.