0.6 கிராமா, 0.8 கிராமா: சிறுநீரக நோயின் தொடக்கத்தில் புரத அளவு

என் அம்மாவுக்கு வயது 66, எடை 60 கிலோ, நீண்ட நாள் சர்க்கரை நோய். சிறுநீரக வடிகட்டும் திறன் 50க்கு இறங்கியபோது, அதாவது மூன்றாம் நிலையின் தொடக்கத்தில், எங்கள் கைக்கு இரண்டு உணவியல் நிபுணர்களின் இரண்டு பட்டியல்கள் வந்தன. ஒன்று உடல் எடையில் கிலோவுக்கு 0.6 கிராம் புரதம் என்றது, மற்றொன்று 0.8 என்றது. 60 கிலோவுக்கு முதலாவது 36 கிராம், இரண்டாவது 48 கிராம். நாங்கள் 0.8ஐத் தேர்ந்தோம். ஏன் என்று சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டி, சர்க்கரை நோய் இல்லாத, உடல்நிலை சீராக உள்ள மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரையிலான நோயாளிகளுக்கு 0.55 முதல் 0.60 வரையும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு 0.6 முதல் 0.8 வரையும் சொல்கிறது. கேடிகோ என்ற பன்னாட்டு அமைப்பின் 2024 வழிகாட்டி மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரை 0.8ஐப் பேணச் சொல்கிறது. நோய் முற்றும் அபாயம் உள்ளவர்கள் 1.3ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது. முதல் இரண்டு நிலைகளில் இருப்பவர்கள் வழக்கமான சாப்பாட்டைக் குறைக்கத் தேவையில்லை. புரதப் பொடி கரைத்துக் குடிப்பவர்கள்தான் நிறுத்த வேண்டியவர்கள்.

குறைத்தால் பயன் எவ்வளவு? 1994இல் வெளியான எம்.டி.ஆர்.டி. என்ற பெரிய அமெரிக்க ஆய்வு, மிதமான பாதிப்பு உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு 1.3 கிராமும் மற்றொரு பிரிவினருக்கு 0.58 கிராமும் கொடுத்துப் பார்த்தது. மூன்றாண்டுக் கணக்கில் இரு பிரிவினரின் சிறுநீரகச் சரிவுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. இன்சுலின் போடுபவர்கள் அதில் சேர்க்கப்படவும் இல்லை. எனவே 0.6இன் பக்கம் இழுக்கும் கயிறு, குறைந்தபட்சம் அம்மா போன்றவர்களுக்கு, அவ்வளவு முறுக்கேறியது அல்ல.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது ஆய்வு அன்று. இரண்டு பட்டியல்களையும் அடுக்களைக் கணக்காக மாற்றிப் பார்த்ததுதான்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 48 கிராம் புரதம் என்றால் 48 கிராம் கோழிக்கறி என்று பொருளல்ல. 100 கிராம் பச்சைக் கோழிக்கறியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம்தான் இருக்கிறது. நிபுணர் இதை மாற்றுப் பட்டியலாக எழுதித் தருவார்: 30 கிராம் துவரம்பருப்பு, ஒரு முட்டை, 200 மில்லி பால், 30 கிராம் மீன் ஆகிய ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 கிராம் புரதம். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். பருப்பையும் அரிசியையும் வேகும் முன்னரே அளக்க வேண்டும். வெந்த சோறு எடையில் மூன்று மடங்கு வரை ஊதிவிடும், தண்ணீர்ச் சாம்பாரில் எவ்வளவு பருப்பு இருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்லவே முடியாது. வீட்டில் கரண்டியும் டம்ளரும்தான் அளவு என்றால், முதல் வாரம் சமையலறைத் தராசில் நிறுத்து எந்தக் கரண்டி எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்வது நல்லது. கால் வீங்கியிருந்தால் வீக்க நீர் சேர்ந்த எடையையும், உடல் பருத்திருந்தால் முழு எடையையும் நிபுணர் அப்படியே எடுக்க மாட்டார். தக்கபடி சரிசெய்துதான் பெருக்குவார்.

பலரும் கணக்கில் விடுவது அரிசி. 100 கிராம் அரிசியில் 8 கிராம் புரதம் இருக்கிறது. இட்லி, சோறு, சப்பாத்தி சேர்த்து ஒரு நாளைக்கு 250 கிராம் தானியம் என்றால் 20 கிராம் புரதம் அதிலேயே போய்விடுகிறது. காய்கறி, பழத்துக்கு 4 கிராம். 0.6 பட்டியலில் மிச்சம் 12 கிராம். அதில் 200 மில்லி பாலோ தயிரோ 6.5, துவரம்பருப்பு 25 கிராம் 5.5. அவ்வளவுதான். முட்டைக்கும் மீனுக்கும் இடமே இல்லை.

அந்தப் பட்டியலில் கலோரி எவ்வளவு? 60 கிலோவுக்குக் கிலோவுக்கு 30 என்று வைத்தால் 1,800 தேவை. தானியம் 865, காய் பழம் 150, பால் 140, பருப்பு 85. ஆக 1,240. எண்ணெய் 30 மில்லியும் சிறிது சர்க்கரையும் சேர்த்தால் 1,570. குறைவது 230. நிபுணர்கள் இதை ஜவ்வரிசி போன்ற, புரதம் அறவே குறைந்த மாவுப்பொருளால் நிரப்பச் சொல்வார்கள்: தினமும் 65 கிராம். சர்க்கரை நோயாளிக்கு அது கூடுதல் மருந்துக்கும் வழி வைக்கும். நிரப்பாமல் விட்டாலோ, உடல் தன் தசையையே எரிக்கத் தொடங்கும். யூரியா கூடும், கையின் பிடி தளரும். கலோரி போதாமல் வெட்டிய புரதம் சிறுநீரகத்தைக் காப்பதற்கு முன் ஆளைக் கரைத்துவிடும். கேடிகோ வழிகாட்டியும் மெலிந்து தளர்ந்த முதியவர்களுக்குப் புரதத்தையும் கலோரியையும் கூட்டவே சொல்கிறது.

0.8 பட்டியலில் தானியம் 275 கிராமானால் 22 கிராம் புரதம். காய் பழம் 4, பால் 6.5, பருப்பு 40 கிராம் 9, முட்டை ஒன்று 6. மொத்தம் 47.5. கலோரியும் அதே எண்ணெய், சர்க்கரையோடு 1,785. ஜவ்வரிசி கஞ்சி இல்லை, சாம்பார் சாம்பாராகவே இருக்கிறது. முட்டை வேண்டாத நாளில் 30 கிராம் மீன். அம்மா இதைப் பட்டியலாக நினைப்பதே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருப்பதும் எனக்குப் பிடித்தது. ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரில் வெளியேறும் யூரியா நைட்ரஜனை வைத்து, உண்ட புரதத்தைக் கணக்கிடலாம்:

புரதம் = 6.25 × (சிறுநீர் யூரியா நைட்ரஜன் + 0.031 × எடை)

60 கிலோ ஆளுக்கு யூரியா நைட்ரஜன் 5.8 கிராம் வந்தால், 5.8 + 1.86 = 7.66, அதை 6.25 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 48. ஆய்வகம் யூரியாவாக அறிக்கை தந்தால் 0.467 ஆல் பெருக்கி நைட்ரஜனாக மாற்ற வேண்டும். ஒரு முறை சேகரிக்க மறந்தாலும் எண் குறைந்து தோன்றும். எடை ஏறி இறங்கும் காலத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது.

புரதத்தின் அமினோ அமிலங்களுக்கு மாற்றாகத் தரப்படும் கீட்டோ மாத்திரையோடு 0.3, 0.4 என்று இறங்கும் முறையும் உண்டு. அதில் எனக்கு அனுபவம் இல்லை. சிறுநீரக மருத்துவரின் நெருக்கமான கண்காணிப்பின்றி அதை யாரும் தொடக் கூடாது என்று மட்டும் சொல்வேன். சர்க்கரை நோய் இல்லாத, உடல் திடமான, நன்றாகச் சாப்பிடும் நடுவயதினருக்கு 0.6 சரிப்படலாம், அவர்களுக்கு ஜவ்வரிசியும் எண்ணெயும் அவ்வளவு தொல்லை இல்லை. பொட்டாசியம், உப்பு, பாஸ்பரஸ் ஆகியவை தனிக் கணக்கு, ரத்தப் பரிசோதனையைப் பொறுத்தது.

ஒன்று மட்டும்: இந்த இரண்டு பட்டியல்களுமே டயாலிசிஸ் தொடங்கும் வரைதான். அதன் பிறகு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படுவதால், பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு நிபுணரிடம் புதிதாக எழுதி வாங்க வேண்டும்.